பீம் எங்கே அதிகம் திணறும்?

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை, கம்பிக் கட்டைச் சரிபார்க்க ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். கூடத்தின் குறுக்கே போகும் பெரிய பீமுக்கு ரிங் கட்டிக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சார், சுவர் ஓரத்துல ரிங்கை நெருக்கி நெருக்கிக் கட்டச் சொல்றீங்க, நடுவுல தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்றீங்க. பாரமெல்லாம் நடுவுலதானே இறங்கும்? அப்புறம் தடிக் கம்பியெல்லாம் ஏன் அடியிலயே போகுது?"

இரண்டும் சரியான கேள்விகள். இரண்டுக்கும் விடை இரண்டு படங்களில் இருக்கிறது. ஒன்று ஷியர் ஃபோர்ஸ் படம், அதாவது வெட்டுவிசை வரைபடம். இன்னொன்று பென்டிங் மொமென்ட் படம், அதாவது வளைதிருப்புத்திறன் வரைபடம். கட்டடப் பொறியியல் படிக்கும் ஒவ்வொருவரும் முதலில் கற்பது இவற்றைத்தான். அந்த இளைஞருக்கு நான் சிமெண்ட் மூட்டை மேல் தாள் வைத்துப் போட்டுக் காட்டியதையே இங்கே எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பீமை மனத்துக்குள் வெட்டிப் பாருங்கள்

எந்தப் பீமையும் ஓர் இடத்தில் கத்தியால் நறுக்கியதுபோல வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத் துண்டு தனியாக நிற்குமா? நிற்காது. அது மேலே எழும்பவோ கீழே இறங்கவோ பார்க்கும். கூடவே சுழலவும் பார்க்கும். வெட்டாமல் முழுதாக இருக்கும்போது அது அசையாமல் இருக்கிறதென்றால், வெட்டு முகத்தில் வலப்பக்கத் துண்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏறி இறங்கவிடாமல் பிடிக்கும் விசைதான் வெட்டுவிசை. சுழலவிடாமல் பிடிக்கும் திறன்தான் மொமென்ட். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது, கைப்பிடியில் தள்ளினால் எளிதாகத் திறக்கும் அல்லவா? விசையோடு தூரமும் சேரும்போதுதான் திருப்பும் வலு வருகிறது. ஆகவே மொமென்ட் என்பது விசை பெருக்கல் தூரம். அதை டன்-மீட்டர் என்ற அளவில் சொல்வோம்.

மொமென்ட் என்ன செய்யும் என்பதைப் பார்க்க, வீட்டில் உள்ள பழைய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் செங்குத்தாகச் சில கோடுகள் போடுங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்கள் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். கோடுகளின் மேல்நுனிகள் ஒன்றை ஒன்று நெருங்கும், அடிநுனிகள் விலகும். மேற்பக்கம் நசுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுவையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் தடிக் கம்பிகள் அடியில் போகின்றன. இளைஞரின் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு கம்பி, எந்த இடம்வரை என்ற மீதிப் பாதியைப் படம்தான் சொல்ல வேண்டும்.

நம் பீமும் அதன் பாரமும்

எடுத்துக்காட்டாக ஒரு பீமை எடுத்துக்கொள்வோம். இரண்டு செங்கல் சுவர்களின் மேல் படுத்திருக்கிறது. சுவருக்குச் சுவர் 6 மீட்டர். முனைகள் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. லேசாகத் திரும்ப இடம் உண்டு. சுவரால் பீமை மேலே தாங்க முடியுமே தவிர, அதன் முனையைத் திருகிப் பிடிக்க முடியாது. இதைத்தான் எளிய ஆதார பீம், கல்லூரிப் பேச்சில் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் என்கிறோம். இடது முனையை அ என்றும் வலது முனையை ஆ என்றும் வைத்துக்கொள்வோம்.

பாரம் இரண்டு வகை. பீம் 300 மி.மீ. அகலமும் 700 மி.மீ. ஆழமும் உடையது. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு 2.5 டன். எனவே பீமின் சொந்த எடையே மீட்டருக்கு அரை டன்னைத் தாண்டுகிறது. அதன் மேல் முழு நீளத்துக்கும் 9 அங்குலச் சுவர் நிற்கிறது. சுவர், பூச்சு எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 2 டன் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். நீளம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருப்பதால் இது சீராகப் பரவிய சுமை.

இது தவிர இரண்டு சின்ன பீம்கள் குறுக்கே வந்து இதன் மேல் ஏறுகின்றன. அ-விலிருந்து 2 மீட்டரில் வருவது 3 டன் இறக்குகிறது. 4 மீட்டரில் வருவது மேல்மாடிக் குளியலறையைச் சுமந்து வருவதால் 6 டன் இறக்குகிறது. இவை புள்ளிச்சுமைகள். கல்லூரிக் கணக்கில் கிலோநியூட்டன் இருக்கும். 1 டன் எடை ஏறத்தாழ 10 கிலோநியூட்டன் என்பதால், இங்குள்ள எண்களை 10-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும்.

முதல் வேலை: சுவர்கள் எவ்வளவு தாங்குகின்றன?

மொத்தப் பாரம் எவ்வளவு? பரவிய சுமை 2 × 6 = 12 டன். அத்துடன் 3-ம் 6-ம் சேர்த்து 21 டன். இதை இரண்டு சுவர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. பாரம் வலப்பக்கம் கூடுதல் என்பதால் பங்கு சமமாக இருக்காது.

அ முனையைக் கீலாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாரமும் பீமை அந்தக் கீலைச் சுற்றிக் கீழே திருப்பப் பார்க்கிறது. ஆ சுவர் மேலே தள்ளி அதைத் தடுக்கிறது. பரவிய 12 டன், தன் நடுப்புள்ளியான 3 மீட்டரில் இருப்பதுபோலச் செயல்படும்: 12 × 3 = 36. முதல் புள்ளிச்சுமை 3 × 2 = 6. இரண்டாவது 6 × 4 = 24. கூட்டினால் 66 டன்-மீட்டர். ஆ சுவர் 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. 66-ஐ 6-ஆல் வகுத்தால் 11 டன். மீதி 10 டன் அ சுவருக்கு.

இங்கே ஒரு நிமிடம் நின்று சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களில் பிழை வந்தால் பின்னால் வரும் எல்லாமே பிழை. ஆ முனையைக் கீலாக வைத்து மறுபடி கணக்கிடுங்கள்: 12 × 3 = 36, 3 × 4 = 12, 6 × 2 = 12; மொத்தம் 60. ஆறால் வகுத்தால் 10. சரி.

வெட்டுவிசைப் படம்: இடமிருந்து ஒரு நடை

தாளில் 12 செ.மீ. நீளத்துக்குக் கிடைக்கோடு போடுங்கள். 2 செ.மீ. ஒரு மீட்டர். செங்குத்தாக 1 செ.மீ.க்கு 2 டன். மேல்நோக்கிய விசையைக் கோட்டுக்கு மேலும், கீழ்நோக்கியதைக் கழித்தும் போடுவோம் என்று முடிவு செய்துகொள்வோம். இனி பீமின் மேல் அ-விலிருந்து ஆ வரை நடந்து போவதாக நினைத்து, வழியில் என்ன நடக்கிறதோ அதை வரைய வேண்டியதுதான்.

அ-வில் சுவர் 10 டன் மேலே தள்ளுகிறது. பென்சில் பூச்சியத்திலிருந்து நேரே 10-க்கு ஏறுகிறது. நடக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 டன் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே கோடு சரிவாக இறங்கும். 2 மீட்டரை எட்டும்போது 10 − 4 = 6. அங்கே 3 டன் சுமை நிற்கிறது. கோடு அந்த இடத்திலேயே செங்குத்தாக 6-லிருந்து 3-க்கு விழுகிறது. புள்ளிச்சுமை உள்ள இடத்தில் வெட்டுவிசைக்கு இரண்டு மதிப்புகள் உண்டு: சுமைக்குச் சற்று முன் ஒன்று, சற்றுப் பின் ஒன்று. மாணவர்கள் பலர் ஒன்றை மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

அடுத்த 2 மீட்டரில் அதே சரிவோடு இறங்கி, 4 மீட்டரில் 3 − 4 = −1. அதாவது வழியில் எங்கோ கோடு பூச்சியத்தைக் கடந்து கீழே போய்விட்டது. 4 மீட்டரில் 6 டன் சுமை அதை −7-க்குத் தள்ளுகிறது. கடைசி 2 மீட்டரில் இன்னொரு 4 குறைந்து −11. ஆ சுவர் 11 டன் மேலே தள்ள, பென்சில் பூச்சியத்துக்குத் திரும்புகிறது.

பூச்சியத்தில் வந்து மூடினால்தான் படம் சரி. மூடவில்லை என்றால் சுவர்களின் பங்கைக் கணக்கிட்டதில் தவறு, அல்லது வழியில் ஒரு சுமையை விட்டுவிட்டோம். சரிவுகளையும் பாருங்கள்: மூன்று பகுதிகளிலும் பரவிய சுமை மீட்டருக்கு அதே 2 டன் என்பதால், மூன்று சாய்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஸ்கேலை நகர்த்திப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

இப்போது படத்தை முழுதாகப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் 10, 11 என்று உயரம். நடுவில் 3-க்கும் −1-க்கும் இடையில் மிகக் குறைவு. ரிங் ஏன் சுவர் ஓரத்தில் நெருக்கம், நடுவில் தள்ளல் என்பதற்கு விடை இந்த உருவம்தான். நடுவில் இறங்கும் பாரமெல்லாம் சுவருக்குப் போக, ஓரப் பகுதிகளைக் கடந்துதான் போக வேண்டும். பாரம் கூடிக்கொண்டே போய் முனையில் மொத்தமும் சேர்கிறது.

பூச்சியம் எங்கே?

கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வரி வேலை. 2 மீட்டரைத் தாண்டியதும் 3 டன் இருந்தது. மீட்டருக்கு 2 டன் குறைகிறது. 3-ஐ 2-ஆல் வகுத்தால் 1.5 மீட்டர். எனவே அ-விலிருந்து 3.5 மீட்டர்.

இந்த இடத்தை வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பீமில் அதிகபட்ச மொமென்ட் வரப்போவது இங்கேதான். காரணம் எளிது. வெட்டுவிசை கோட்டுக்கு மேலே இருக்கும்வரை மொமென்ட் ஏறிக்கொண்டிருக்கும். கீழே போனதும் இறங்கத் தொடங்கும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடமே உச்சி. நடுப்புள்ளியான 3 மீட்டரிலும் இல்லை, பெரிய சுமை நிற்கும் 4 மீட்டரிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மொமென்ட் படம்: பரப்பைக் கூட்டினால் போதும்

இரண்டாவது படத்துக்குப் புதிய கணக்கு எதுவும் வேண்டாம். எந்த இடத்திலும் மொமென்ட் என்பது, அந்த இடம்வரை வெட்டுவிசைப் படம் அடைக்கும் பரப்பு. கோட்டுக்கு மேலே உள்ள பரப்பைக் கூட்ட வேண்டும், கீழே உள்ளதைக் கழிக்க வேண்டும்.

அ-வில் பூச்சியம், ஏனென்றால் சுவர் முனையைத் திருகிப் பிடிக்கவில்லை. முதல் 2 மீட்டரில் உயரம் 10-லிருந்து 6-க்கு வருகிறது, சராசரி 8. எட்டு இரண்டு பதினாறு. 2 மீட்டரில் மொமென்ட் 16 டன்-மீட்டர். அடுத்து 3.5 மீட்டர் வரை ஒரு முக்கோணம்: அரை × 1.5 × 3 = 2.25. ஆக உச்சி 18.25. பிறகு 4 மீட்டர் வரை கோட்டுக்குக் கீழே சிறு முக்கோணம்: அரை × 0.5 × 1 = 0.25. கழித்தால் 18. கடைசி 2 மீட்டரில் 7-லிருந்து 11, சராசரி 9, பரப்பு 18. கழித்தால் பூச்சியம். படம் மறுபடியும் மூடிவிட்டது.

நம்பிக்கை வராதவர்கள் வலப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆ-விலிருந்து 2 மீட்டர் உள்ளே வந்தால் அது 4 மீட்டர்ப் புள்ளி. சுவர் தள்ளுவது 11 × 2 = 22. நடுவில் உள்ள பரவிய சுமை 4 டன், அதன் நடுப்புள்ளி 1 மீட்டர் தள்ளி: 4. இருபத்திரண்டில் நான்கு போக 18. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும்.

இனி வரைவது. 4 டன்-மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்துப் புள்ளிகளைக் குறியுங்கள்: 0 மீட்டரில் 0, 1-ல் 9, 2-ல் 16, 3-ல் 18, 3.5-ல் 18.25, 4-ல் 18, 5-ல் 10, 6-ல் 0. இவற்றை ஸ்கேல் வைத்து நேர்கோடாக இணைக்கக் கூடாது. பரவிய சுமை உள்ள இடத்தில் மொமென்ட் கோடு எப்போதும் வளைகோடு. இங்கே முதுகு மேலே பார்த்த வளைவு. புள்ளிச்சுமை மட்டும் உள்ள பீமில்தான் நேர்கோடுகள் வரும். 2 மீட்டரிலும் 4 மீட்டரிலும் வளைவில் ஒரு முறிவு தெரியும். 4 மீட்டரில் அது நன்றாகவே தெரியும்: அதுவரை மெல்ல இறங்கிய கோடு அங்கே திடீரென்று செங்குத்தாகச் சரியும். அங்கு வெட்டுவிசை −1-லிருந்து −7-க்குப் பாய்ந்தது அல்லவா, அதன் நிழல்தான் இது.

அடிக்கடி வரும் ஒரு பிழை

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. சுவர்களின் பங்கைக் கணக்கிடும்போது பரவிய 12 டன்னை நடுவில் ஒரே சுமையாக நினைத்தோம். அந்த வேலைக்கு அது சரி. அதே நினைப்போடு படத்தையும் வரைந்துவிடுகிறார்கள். என்ன ஆகும் பாருங்கள். 3 மீட்டரில் மொமென்ட் 10 × 3-லிருந்து 3 × 1 போக 27 என்று வரும். உண்மை 18. வெட்டுவிசைப் படத்திலும் சரிவுக்குப் பதில் படிக்கட்டு வரும். அதே பாரம் நீளத்துக்கும் பரவி நிற்பதும் ஒரே இடத்தில் குவிந்து நிற்பதும் பீமுக்கு ஒன்றல்ல. வெட்டிய இடத்துக்கு இடப்பக்கம் எவ்வளவு பரவிய சுமை இருக்கிறதோ, அதை மட்டும்தான் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குவழியும் ஏமாற்றும். பரவிய சுமை மட்டும் இருந்தால் உச்ச மொமென்ட் 9. புள்ளிச்சுமைகள் மட்டும் இருந்தால் 10. கூட்டினால் 19 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் முதலாவது 3 மீட்டரில் வருவது, இரண்டாவது 4 மீட்டரில் வருவது. வெவ்வேறு இடங்களின் உச்சிகளைக் கூட்டக் கூடாது. ஒரே இடத்தின் மதிப்புகளைக் கூட்டலாம்: 4 மீட்டரில் 8-ம் 10-ம் சேர்ந்து 18.

படம் கம்பியாகும் விதம்

மொமென்ட் படத்தின் உயரத்தைப் பின்பற்றித்தான் அடிக்கம்பி போகிறது. உச்சிப் பகுதியில் முழுக் கம்பியும் வேண்டும். முனையை நோக்கிப் போகப் போகக் குறைக்கலாம். அதற்காகப் படத்தில் பூச்சியம் என்று முனையில் கம்பியே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இப்படிப்பட்ட பீமில் அடிக்கம்பியில் மூன்றில் ஒரு பங்காவது சுவருக்குள் போய் நிற்க வேண்டும் என்கிறது. கணக்குப்படி ஒரு கம்பி தேவையில்லாமல் போகும் இடத்தோடு அதை நிறுத்தவும் கூடாது. பீமின் பயனுள்ள ஆழம், கம்பித் தடிமனின் 12 மடங்கு இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அப்பாலும் நீட்ட வேண்டும்.

படத்தை மதிக்காமல் கட்டினால் பீமே விரிசலாக எழுதிக் காட்டும். நடுப்பகுதியில் அடியிலிருந்து செங்குத்தாக மேலேறும் விரிசல், வளைவினால் வந்தது. சுவர் ஓரத்தில் ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்து ஓடும் விரிசல், வெட்டுவிசையால் வந்தது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. வளைவில் தோற்கும் பீம் முன்கூட்டியே தொய்ந்து எச்சரிக்கும். வெட்டுவிசையில் தோற்பது சட்டென்று நடந்துவிடும். சுவர் ஓரத்தில் பீமைக் குடைந்து குழாய் கொண்டுபோவதை நான் எப்போதும் தடுப்பது இதனால்தான். நம் படத்தில் 11 டன் இருக்கும் இடம் அது.

தாங்கலை மாற்றினால் படமே மாறும்

இந்தப் படம் இரண்டு முனைகளில் சும்மா படுத்திருக்கும் பீமுக்கு மட்டுமே பொருந்தும். இப்போது நாம் கட்டும் பெரும்பாலான வீடுகளில் பீமும் தூணும் ஒன்றாக வார்க்கப்படுகின்றன. அங்கே தூண் முனையைத் திருகிப் பிடிக்கிறது. முனைகளில் மேற்பக்கம் இழுபடுகிறது. அதனால் அங்கே மேலேயும் தடிக் கம்பி வேண்டும்.

1638-இல் வெளியான 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் கலிலியோ ஒரு செய்தியைச் சொல்கிறார். பெரிய பளிங்குத் தூண் ஒன்றை இரண்டு முனைகளிலும் தாங்கல் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் முறிந்துவிடக் கூடாதே என்று ஒருவர் அங்கே மூன்றாவது தாங்கல் வைக்கச் சொன்னார். எல்லோரும் அதை நல்ல யோசனை என்றார்கள். சில மாதங்களில் தூண், சரியாக அந்த நடுத்தாங்கலுக்கு மேலேயே முறிந்து கிடந்தது. முனைத் தாங்கல் ஒன்று இற்றுப்போய் இறங்கிவிட்டது. ஒரு பாதி அந்தரத்தில் தொங்க, நடுவில் அடிப்பக்கத்துக்குப் பதில் மேற்பக்கம் இழுபட்டது. வலுவூட்ட வைத்த தாங்கலே முறித்துவிட்டது.

வீட்டில் ஒரு பீம் கொஞ்சம் தொய்ந்ததைப் பார்த்து, நடுவில் ஒரு தூணை முட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அடியில் மட்டும் கம்பி உள்ள பீமுக்கு நடுவில் நிரந்தரத் தூண் வைத்தால், இழுவை அங்கே மேற்பக்கத்துக்குப் போகும். அங்கே இருப்பதோ ரிங்கைத் தாங்க வைத்த இரண்டு மெல்லிய கம்பிகள். புதிதாகச் சுவர் எழுப்பினாலும், தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றினாலும், தூணை எடுத்தாலும் வைத்தாலும் முதலில் இந்த இரண்டு படங்களையும் புதிதாக வரையச் சொல்லி உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். படம் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.